பாட்டில் சுடுகிறது, கிருமி சாகவில்லை: வெயிலில் வைத்துக் குடிக்கும் தண்ணீரும் கலங்கலும்

போன ஐப்பசியில் உசிலம்பட்டிப் பக்கம் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நல்ல வெயில். மோட்டார் பழுதாகிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, ஊரே ஊரணியில் எடுத்துக்கொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைமேல் ஆறு பிளாஸ்டிக் பாட்டில்கள் படுக்க வைத்திருந்தன. உள்ளே பால் கூடிப்போன டீ மாதிரி ஒரு நிறத்தில் தண்ணீர்.

"வெயில்ல வச்சா கிருமியெல்லாம் செத்துரும்னு சங்கத்துல சொன்னாங்கய்யா" என்றார் சின்னம்மா. மகளிர் சுய உதவிக் குழுவைத்தான் அவர் சங்கம் என்பார். ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "தொட்டுப் பாரு, கொதிக்குது."

உண்மையிலேயே சுட்டது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று அவர் கேட்டபோது திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சங்கத்தில் சொன்னது பொய்யில்லை. வெயிலில் பாட்டிலை வைத்துத் தண்ணீரைக் குடிக்கத்தக்கதாக்கும் முறை உலகமெங்கும் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. காதோடு காதாக ஊருக்கு வந்து சேர்வதற்குள் அதில் ஒரு பாதி உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உதிர்ந்த பாதி, தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும் என்பது.

## இந்த முறை எங்கிருந்து வந்தது

1980 வாக்கில் பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்தீம் அக்ரா என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சின்னப் பிரச்சினைக்கு வழி தேடினார்கள். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் கொடுக்கிறோம். அந்தக் கரைசலைக் கலக்கும் தண்ணீரே கெட்டுப்போனதாக இருந்தால் என்ன செய்வது? கரைசலைத் தெளிவான பாத்திரங்களில் ஊற்றி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். நோய்க்கிருமிகள் குறைந்தன. பிறகு 1991 முதல் சுவிட்சர்லாந்தின் ஈவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனம் இதை எடுத்துப் பல நாடுகளில் சோதித்து, வீட்டில் யாரும் செய்யும்படி ஒழுங்குபடுத்தியது. அதன் பெயர் சோடிஸ். சூரிய ஒளியால் கிருமி நீக்கம் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது.

செய்முறை எளிது. நிறமில்லாத, தெளிவான, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, இருபது விநாடி குலுக்கி, பிறகு கழுத்துவரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைக்க வேண்டும். வானம் பாதிக்கு மேல் மேகமாக இருந்தால் இரண்டு முழு நாள். விடாத மழை நாளில் இந்த முறையே கூடாது.

## சூடு அல்ல, ஒளி

சின்னம்மா மட்டுமல்ல, படித்தவர்களும் பெரும்பாலும் நினைப்பது இதுதான்: வெயில் தண்ணீரைச் சுட வைக்கிறது, சூட்டில் கிருமி சாகிறது, ஆக இது அடுப்பில்லாத கொதி. இது சரியில்லை.

மதுரைக்காரர்களுக்கு விளங்கும்படி சொல்வதானால் சுங்குடிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். புதுச் சேலையை வாங்கும்போதே கடைக்காரர் சொல்லிவிடுவார், நிழலில் காயப்போடுங்கள் என்று. நாலு நாள் நேர் வெயிலில் கொடியில் கிடந்தால் மேல் மடிப்பு வெளுத்துப்போகும், உள்மடிப்பு அப்படியே இருக்கும். அதே சேலையை அடுப்படியில், அதைவிடச் சூடான இடத்தில், நாலு நாள் போட்டாலும் அப்படி வெளுக்காது. சாயத்தை எடுப்பது வெயிலின் சூடு இல்லை, வெயிலின் ஒளி. அந்த ஒளியில் முக்கியமாக நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி. அதன் பெயர் புற ஊதாக் கதிர். ஊதா நிறத்துக்கும் அப்பால் இருப்பதால் அந்தப் பெயர்.

புற ஊதாக் கதிரில் மூன்று வகை உண்டு. மிகக் கடுமையான வகை வானத்தின் ஓசோன் படலத்திலேயே நின்றுவிடுகிறது. வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குள் எரியும் யூவி விளக்கு தருவது அந்தக் கடுமையான வகையைத்தான். அதனால் அந்த விளக்கையும் வெயிலையும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. நடு வகை கொஞ்சம் தரைக்கு வருகிறது, ஆனால் பாட்டில் பிளாஸ்டிக் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மிச்சம் இருப்பது மூன்றாவது, மென்மையான வகை. அதை யூவி-ஏ என்பார்கள். நம் பாட்டிலுக்குள் வேலை செய்வது பெரும்பாலும் இது ஒன்றுதான்.

மென்மையான ஒளி எப்படிக் கொல்கிறது? கிருமியின் உடலுக்குள் ஒளியைப் பிடித்துக்கொள்ளும் சில மூலக்கூறுகள் இருக்கின்றன. யூவி-ஏ அவற்றின்மேல் படும்போது, அவை பக்கத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தூண்டி மூர்க்கமாக்கிவிடுகின்றன. அந்த மூர்க்கமான ஆக்சிஜன் கிருமியின் மேற்தோலையும், அதன் புரதங்களையும், மரபுப்பொருளையும் அரிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற வேலை. கிருமியும் சும்மா இருக்காது, சேதத்தைச் சரி செய்துகொண்டே இருக்கும். சரி செய்யும் வேகத்தைவிடச் சேதத்தின் வேகம் அதிகமாக, போதுமான நேரம் இருந்தால்தான் அது சாகும். ஆறு மணி நேரம் என்ற கணக்கு இதனால்தான். பாட்டிலைக் குலுக்கச் சொல்வதும் இதனால்தான், தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாகக் கரையட்டும் என்று.

சூட்டுக்குப் பங்கே இல்லையா? உண்டு. தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டினால் ஒளியின் வேலைக்குச் சூடு துணை நிற்கத் தொடங்கும். 50 டிகிரியைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிடும். தகரத்தின்மேல் வைக்கச் சொல்வது அதற்காக. ஆனால் சூடு தனியாகக் கொல்ல வேண்டுமென்றால் 65 டிகிரியாவது வேண்டும். கூரைமேல் கிடக்கும் சாதாரண பாட்டில் அங்கே போகாது. நம் கைக்கோ 45 டிகிரியே சுள்ளென்று இருக்கும். "கொதிக்குது" என்று சின்னம்மா சொன்ன தண்ணீர் கொதிநிலைக்குப் பாதி வழியில் இருந்தது.

இதுவரை வந்தவர்களுக்குச் சுருக்கமாக: கொல்வது யூவி-ஏ என்ற கண்ணுக்குத் தெரியாத ஒளி. சூடு அதற்கு எடுபிடி. ஒளி கிருமியைப் போய்த் தொட வேண்டும், தொட்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

## கலங்கல் என்ன செய்கிறது

அப்படியானால் ஒளிக்கும் கிருமிக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்பதே முக்கியம்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பனிமூட்டத்தில் இரவுப் பேருந்தில் போயிருந்தால் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். முகப்பு விளக்கு என்னதான் பிரகாசமாக எரிந்தாலும் பத்தடிக்கு மேல் சாலை தெரியாது. வெளிச்சம் காணாமல் போகவில்லை. பனித்துளிகளில் பட்டுப் பக்கவாட்டிலும் பின்னாலும் சிதறுகிறது, ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. தண்ணீரில் மிதக்கும் மண்துகளும் யூவி-ஏ ஒளியை இப்படித்தான் சிதறடிக்கிறது. அது போதாதென்று, நம் பக்கத்துச் செம்மண்ணும் களிமண்ணும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கியும் விடுகின்றன.

தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை, அது ஒளியை எவ்வளவு பக்கவாட்டில் சிதறடிக்கிறது என்பதைக் கொண்டு அளப்பார்கள். அந்த அளவுக்கு என்.டி.யூ. என்று பெயர். இந்தியக் குடிநீர்த் தரப்படி தண்ணீர் 1 என்.டி.யூ.க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 5 வரை ஏற்கலாம். வெயில் முறைக்கு உச்சவரம்பு 30. ஈவாக் ஆய்வாளர்கள் அளந்தபோது 26 என்.டி.யூ. உள்ள தண்ணீரில் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள் யூவி-ஏ பாதியாகக் குறைந்திருந்தது. நம் கண்ணுக்கு அது லேசாக மங்கிய தண்ணீர், அவ்வளவுதான். மழைக்குப் பின் ஊரணித் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு கலங்கியிருக்கும்.

## ஒரு பாட்டிலுக்குள் கணக்கு

சின்னம்மாவுக்கு நான் திண்ணையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டிய கணக்கு இது. கலங்கல் எவ்வளவு மோசம் செய்யும் என்பது எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும்.

படுக்க வைத்த பாட்டிலில் தண்ணீர் எட்டு சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நன்றாகக் கலங்கியது, ஒவ்வொரு இரண்டு சென்டிமீட்டருக்கும் ஒளி பாதியாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மேலே 100 பங்கு ஒளி விழுந்தால், இரண்டு சென்டிமீட்டரில் 50. நான்கில் 25. ஆறில் 12 சொச்சம். எட்டாவது சென்டிமீட்டரில், அதாவது பாட்டிலின் அடியில், 6 பங்கு. மேலே ஆறு மணி நேர வெயில் விழுந்தால் அடியில் இருக்கும் தண்ணீருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 22 நிமிட வெயில்.

தண்ணீர் பாட்டிலுக்குள் சும்மா நிற்காதே, மேலும் கீழும் புரண்டுகொண்டுதானே இருக்கும் என்று கேட்கலாம். சரிதான். நன்றாகக் கலந்துகொண்டே இருக்கிறது என்று வைத்து எல்லா ஆழத்துக்கும் சராசரி போட்டால், மேலே விழுந்ததில் மூன்றில் ஒரு பங்கு தேறும். ஆறு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம்.

இனி கிருமியைக் கணக்கில் எடுப்போம். தெளிந்த தண்ணீரில் ஆறு மணி நேரத்தில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும் என்று கொண்டால், ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்று பொருள். முதல் இரண்டு மணியில் 1000 கிருமி 100 ஆகும், அடுத்த இரண்டில் 10, அதற்கடுத்த இரண்டில் 1. கலங்கிய தண்ணீருக்கு மொத்தத்தில் கிடைத்ததே இரண்டு மணி நேர வெயில்தான். ஆக அதில் 100 உயிரோடு இருக்கும். ஒளி மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, மிஞ்சிய கிருமியோ நூறு மடங்காகிவிட்டது. "தொண்ணூறு சதவீதம் செத்துவிட்டது" என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். மீதிப் பத்து சதவீதம்தான் குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது.

இது நல்ல பக்கம் சாய்ந்த கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். கிருமிகள் எல்லாம் தனித்தனியாக நீந்துகின்றன என்று இதில் எண்ணியிருக்கிறோம். நிஜத்தில் ஊரணித் தண்ணீரில் பெரும் பங்குக் கிருமிகள் மண்துகளிலும், அழுகிய இலைத் தூளிலும், சாணத் துணுக்கிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு பாக்டீரியாவின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது ஒட்டியிருக்கும் துணுக்கு அதைப்போல் பத்து இருபது மடங்கு பெரிதாக இருக்கலாம். மண்சுவருக்குள் இருப்பவனுக்கு வெயில் ஏது? துணுக்கின் இடுக்கில் இருக்கும் கிருமிக்கு அந்த இரண்டு மணி நேரமும் கிடையாது.

## கூட நேரம் வைத்தால் சரியாகாதா

இதைத்தான் சின்னம்மா உடனே கேட்டார். "அப்ப மூணு நாளு வச்சிருவோம்." வெறும் எண்ணைப் பார்த்தால் சரிபோலத் தெரியும். இரண்டு மணி வீதம் மூன்று நாளில் ஆறு மணி நேரம் தேறிவிடும் அல்லவா?

தேறாது. துணுக்கின் இடுக்கில் ஒளிந்திருக்கும் கிருமிக்கு மூன்று நாளும் ஒன்றுதான், முப்பது நாளும் ஒன்றுதான். அடுத்து, இரவு வருகிறது. பகலில் பாதிச் சேதம்பட்டு நிற்கும் கிருமி இருட்டில் தன்னைச் சரி செய்துகொள்ளப் பார்க்கும். அப்புறம், மாலையிலும் காலையிலும் பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும், முப்பது முப்பத்தைந்து டிகிரி. வயிற்றுப்போக்கைத் தரும் பாக்டீரியாக்கள் பலவும் நம் குடலின் 37 டிகிரிச் சூட்டில் பழகியவை. ஊரணித் தண்ணீரில் மட்கிய இலை, சாணம் என்று தீனியும் இருக்கிறது. போதிய ஒளி கிடைக்காத கலங்கல் பாட்டிலில் சூடு கிருமியைக் கொல்லவில்லை, தங்குவதற்கு வசதி செய்து கொடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், என்னை மிகவும் உறுத்துவது இதுதான். பக்கத்தில் பக்கத்தில் தெளிந்த தண்ணீர் பாட்டிலும் கலங்கிய தண்ணீர் பாட்டிலும் வைத்தால், தொட்டுப் பார்க்கையில் அதிகம் சுடுவது பெரும்பாலும் கலங்கிய பாட்டில்தான். மண்துகள் வெயிலை விழுங்கிச் சூடாகிறது. கிருமியைத் தொட வேண்டிய ஒளி, மண்ணைச் சுட வைப்பதில் செலவாகிப்போகிறது. கையால் தொட்டு நம்பினால், எது மோசமோ அதைத்தான் அதிகம் நம்புவோம்.

மறுபடியும் சுருக்கமாக: கலங்கல் ஒளியைச் சிதறடிக்கிறது, விழுங்குகிறது, கிருமிக்கு மறைவிடமும் தருகிறது. முதல் இரண்டுக்கும் நேரத்தைக் கூட்டி ஓரளவு ஈடு கட்டலாம் என்று தோன்றும். மறைவிடத்துக்கு ஈடே கிடையாது.

## தலைப்புச் செய்தியை வைத்து ஒரு சோதனை

தண்ணீர் இந்த முறைக்குத் தகுந்த தெளிவில் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தினசரித் தாள் ஒன்று போதும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, தலைப்புச் செய்தியின் பெரிய எழுத்தின்மேல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் உயர எழுத்தாகப் பாருங்கள். பிறகு வாய்வழியே நேராக உள்ளே குனிந்து பார்க்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் கலங்கல் 30 என்.டி.யூ.க்குள் இருக்கிறது. படிக்க முடியவில்லை என்றால் அந்தத் தண்ணீரை வெயிலில் வைப்பது வீண். குளிர்பான பாட்டில்களின் அடிப்பகுதி ஐந்து கால் வைத்ததுபோல் மேடு பள்ளமாக இருக்கும், எழுத்து கோணலாகத் தெரியும். அடி தட்டையான பாட்டிலில் பார்த்தால் குழப்பம் இல்லை.

சின்னம்மாவின் பாட்டிலை அன்று அப்படி வைத்துப் பார்த்தோம். எழுத்து தெரியவில்லை. தாள் இருப்பதே தெரியவில்லை. உள்ளே ஒரு காவி நிறத் தூண் நிற்பதுபோல இருந்தது. வாளித் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து பார்ப்போம் என்று அவர் பேத்தி சொன்னாள். அதிலும் எழுத்து வரவில்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. மரத்தடிக் கிணற்றில், இலை ஊறி ஊறித் தண்ணீர் லேசான பழுப்பு நிறத்துக்கு வந்திருக்கும். அதில் மண் இல்லை, எழுத்து பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த இலைச்சாறு யூவி-ஏ ஒளியை நன்றாக விழுங்கும். ஆகவே எழுத்து தெரிந்தாலும் நிறம் இருக்கும் தண்ணீரை இந்த முறைக்கு எடுக்காதீர்கள்.

## தெளிய வைத்த பிறகு வெயில்

துணியில் வடிகட்டினால் போதாதா? பழைய சேலைத் துணியை நாலாக மடித்து வடித்தால் இருபது மைக்ரானுக்கு மேற்பட்ட தூசு துணுக்கு நிற்கும். அது நல்லதே, மறைவிடங்களில் பெரியவை போய்விடும். ஆனால் தண்ணீருக்கு அந்தக் காவி நிறத்தைக் கொடுக்கும் களிமண் துகள் இரண்டு மைக்ரானுக்கும் குறைவு. துணியில் அது நிற்காது.

அப்படியே தெளிய விட்டால்? ஒரு மைக்ரான் மண்துகள் அசையாத தண்ணீரில் மணிக்கு மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும். இருபது சென்டிமீட்டர் ஆழக் குடத்தில் அடிக்குப் போக இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். அதில் பாதி அளவுத் துகளுக்கு நான்கு மடங்கு, பத்து நாளுக்கும் மேல். தவிர, களிமண் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். சேர்ந்து கட்டியானால்தான் கனத்து இறங்கும்.

சேர்த்து வைக்கிற வேலையைத்தான் தேத்தாங்கொட்டை செய்கிறது. தேற்றா மரத்தின் விதை அது. தேற்றுதல் என்றாலே தெளிவித்தல். நாட்டுமருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பானையின் உள்பக்கத்தில் அல்லது கரடான கல்லில் இழைத்துத் தண்ணீரில் கலந்துவிடுவார்கள். முருங்கை விதையும் இதே வேலையைச் செய்யும். அதில் உள்ள புரதத்துக்கு மண்ணுக்கு எதிரான மின்னேற்றம், அதனால் துகள்களைத் தன் பக்கம் இழுத்துக் கட்டிபோலத் திரட்டிவிடும். நன்றாகக் கலங்கிய தண்ணீருக்கு லிட்டருக்கு ஒன்றிரண்டு விதை வேண்டும். முற்றிய நெற்றிலிருந்து எடுத்து, தோல் நீக்கி, நுணுக்கி, கொஞ்சம் நல்ல தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து அந்தப் பாலைக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு ஐந்து நிமிடம் மெதுவாகவும் கிண்டிவிட்டு, இரண்டு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். மேலே தெளிந்ததை மட்டும் அடிமண் கலையாமல் சாய்த்து எடுக்க வேண்டும். விதையின் சத்தும் தண்ணீரில் கொஞ்சம் தங்கும், அது கிருமிக்குத் தீனி. அதனால் தெளிந்த தண்ணீரை அன்றே பாட்டிலில் ஊற்றி வெயிலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. கண்ணாடிபோல இருக்கும் தண்ணீரிலும் கிருமி இருக்கும். தெளிய வைப்பது வெயிலுக்கு வழி திறந்து விடுகிறது. கொல்வது வெயில்தான்.

## பாட்டில் பற்றி இரண்டு வார்த்தை

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருந்தால் அது பெட் வகைப் பிளாஸ்டிக். யூவி-ஏ அதன் வழியே நன்றாகப் போகும். பச்சை, பழுப்பு நிற பாட்டில் ஆகாது. மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட வேண்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இதற்கு உதவாது. அதன் ஆழமும் அதிகம், நிறமும் நீலம், அந்தப் பிளாஸ்டிக்கின் பல வகைகள் புற ஊதாவைத் தடுப்பவை. கீறி மங்கிப்போன பாட்டிலை மாற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் கரைந்து தண்ணீரில் இறங்காதா என்று பலர் பயப்படுகிறார்கள். பெட் பாட்டில்களை இந்த முறைப்படியே வைத்து அளந்து பார்த்ததில், இறங்கிய அளவு குடிநீருக்கான வரம்புக்கு மிகக் கீழேதான் இருந்தது.

வெயில் நீக்குவது கிருமியை மட்டும். உப்புத் தண்ணீர் உப்பாகவே இருக்கும், ஃப்ளூரைடு உள்ள போர்த் தண்ணீரில் ஃப்ளூரைடு அப்படியே இருக்கும்.

## ஐப்பசியில் என்ன செய்வது

நம் பக்கத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. மதுரை வட்டாரத்துக்குப் பெரும் மழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஊரணியும் கண்மாயும் கலங்குவது அப்போது, வானம் மூடிக் கிடப்பதும் அப்போது, சாக்கடையும் சாணமும் மழைநீரோடு இறங்கி வயிற்றுப்போக்கு பரவுவதும் அப்போதுதான். மாசியிலும் பங்குனியிலும் காலை ஒன்பது முதல் மூன்று வரை கூரைமேல் வைத்தால் அருமையாக வேலை செய்யும் முறை, மிகவும் தேவைப்படும் மாதத்தில் கைவிட்டுவிடும். அந்த நாட்களில் கொதிக்க வைப்பதே வழி. கலங்கல் தண்ணீர் என்றாலும் கொதி கேட்காது, மண்துணுக்குக்குள் இருப்பதையும் சூடு போய்த் தொடும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நிற்கட்டும். கொதித்ததைக் கைவிட்டு மொள்ளாமல், மூடிய பாத்திரத்தில் வைத்துக் குடிக்க வேண்டும். விறகு, கேஸ் செலவு ஆகும்தான். குழந்தைகளுக்கும் கைப்பிள்ளைக்காரிக்குமாவது அதைச் செய்துவிட வேண்டும்.

அன்று மாலை சின்னம்மா வீட்டில் இரண்டு குப்பி வைத்தோம். தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்.டூ.எஸ். குப்பி அது, தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், கிருமி இருக்கும்போது ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். ஒன்றில் கூரைமேல் நாளெல்லாம் கிடந்த கலங்கல் பாட்டிலின் தண்ணீர், இன்னொன்றில் அதே ஊரணித் தண்ணீரைக் கொதிக்க வைத்தது. இரண்டாம் நாள் காலையில் சின்னம்மா போன் செய்தார். முதல் குப்பி மசி மாதிரி கறுத்திருக்கிறதாம். மற்றது ஊற்றியபடியே இருக்கிறதாம். இரண்டு குப்பியை வைத்து ஊர்த் தண்ணீர் முழுவதையும் எடைபோட முடியாது, ஆனால் அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

தை மாதம் மறுபடி போனேன். கூரைமேல் பாட்டில்கள் கிடந்தன, ஆறுக்குப் பதில் எட்டு. உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவு. திண்ணையில் பழைய தினசரித் தாள் ஒன்றை நாலாக மடித்து, தலைப்பு மேலே தெரியும்படி, ஒரு கல்லை வைத்து அழுத்தியிருந்தார். தாளில் வட்ட வட்டமாகப் பாட்டில் அடியின் ஈரத்தடம்.